விண்ணப்பக் கடிதத்தில் எந்தத் தேவைக்கு எவ்வளவு இடம்? விளம்பரத்தைப் படிப்பதில் நேரும் பிழைகளை அறிகுறி கொண்டு நீக்கும் வழிமுறை

ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டிய விண்ணப்பக் கடிதத்தில் 300 முதல் 400 சொற்கள் வரைதான் எழுத முடியும். வேலை விளம்பரமோ பத்துப் பன்னிரண்டு தேவைகளை அடுக்கியிருக்கும். அவற்றுக்கெல்லாம் சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 30 சொற்கள் கிடைக்கும். 30 சொற்களில் ஒரு திறமை தமக்கு இருப்பதாகச் சொல்லிவிடலாமே தவிர, அதற்குச் சான்று காட்ட இயலாது. எனவே சில தேவைகளுக்கு அரை வரியும் சில தேவைகளுக்கு அரைப் பக்கமும் கொடுத்தாக வேண்டும். எதற்கு எது என்பதை விளம்பரமே பெரும்பாலும் சொல்லிவிடுகிறது, ஆனால் நேரடியாகச் சொல்வதில்லை.

முதல் வரைவை எழுதி முடித்தவர்கள், அந்த வரைவில் தென்படும் அறிகுறியைக் கொண்டு விளம்பரத்தின் எந்த இடத்தைத் தவறாகப் படித்தோம் என்று கண்டுபிடித்துத் திருத்திக்கொள்வதற்காக இந்த வழிமுறை எழுதப்பட்டுள்ளது. எல்லா அறிகுறிகளையும் ஒரே எடுத்துக்காட்டில் வைத்துப் பார்ப்போம். எடுத்துக்காட்டு கற்பனையானது, ஆனால் அதில் உள்ள ஒவ்வொரு வரியும் விளம்பரங்களில் வழக்கமாகக் காணப்படும் வகையைச் சேர்ந்தது.

எடுத்துக்காட்டு விளம்பரமும் முதல் வரைவும்

ஆய்வகக் கருவிகளை நிறுவிப் பராமரிக்கும் ஒரு நிறுவனம், "குறித்த நேரத்தில் சேவை வழங்குவதே எங்கள் அடையாளம்" என்ற அறிமுகத்துடன், சேவை ஒருங்கிணைப்பாளர் பதவிக்கு இவ்வாறு விளம்பரம் செய்திருப்பதாகக் கொள்வோம்.

பணிகள்:
(1) தினமும் வரும் பழுது அழைப்புகளைப் பதிவு செய்து, அவசரத்துக்கேற்ப வரிசைப்படுத்தி, களப் பொறியாளர்களுக்கு ஒதுக்குதல்.
(2) ஒதுக்கிய பணி தாமதமாகும் நிலையில் வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே தெரிவித்து, மாற்று நேரம் உறுதி செய்தல்.
(3) உதிரி பாகங்களின் கையிருப்பைக் கிடங்குடன் சரிபார்த்தல்.
(4) மாதாந்திர சேவை அறிக்கை தயாரிப்பதில் மேலாளருக்கு உதவுதல்.
(5) புதிய பணிப்பதிவு மென்பொருளுக்கு மாறும் இக்காலத்தில் பழைய பதிவுகளைச் சரிபார்த்து மாற்றுதல்.

தேவைகள்:
(6) ஏதேனும் ஒரு பட்டம்.
(7) ஒருங்கிணைப்புப் பணியில் குறைந்தது 2 ஆண்டு அனுபவம்.
(8) சிறந்த தகவல் தொடர்புத் திறன்.
(9) எக்செல் பயன்படுத்தத் தெரிந்திருத்தல்.
(10) நெருக்கடியிலும் நிதானமாக முன்னுரிமைகளைத் தீர்மானிக்கும் திறன்.
(11) ஆய்வகக் கருவிகள் குறித்த அறிவு விரும்பத்தக்கது.
(12) குழுவாகச் செயல்படும் மனப்பான்மை.
(13) சுழற்சி முறையில் சனிக்கிழமைகளில் பணிபுரிய இயலுதல்.

விண்ணப்பிப்பவர் ஒரு பார்சல் விநியோக அலுவலகத்தில் இரண்டரை ஆண்டுகள் பணியாற்றியவர். 12 ஓட்டுநர்களுக்கு அன்றாடம் தடங்களை ஒதுக்குவது அவர் வேலை. எக்செல்லில் அறிக்கை தயாரிப்பதில் அவருக்குத் தனி ஈடுபாடு உண்டு. ஆய்வகக் கருவிகளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அவருடைய முதல் வரைவில், தொடக்க, முடிவு வரிகள் நீங்கலாக, 340 சொற்கள் உள்ளன. அவற்றில் பட்டப்படிப்புக்கு 90, எக்செல் அறிக்கைகளுக்கு 110, தகவல் தொடர்பு, குழு மனப்பான்மை முதலிய பண்புகளுக்கு 60, ஓட்டுநர்களுக்குத் தடம் ஒதுக்கிய வேலைக்கு 40, கருவிகள் பற்றித் தெரியாததற்கு விளக்கம் சொல்ல 40 சொற்கள் செலவாகியுள்ளன.

சரியோ தவறோ என்று முடிவு செய்வதற்கு முன் உங்கள் வரைவையும் இப்படி எண்ணிப் பாருங்கள். பத்தி நீளமாகத் தெரிகிறதா, குறுகலாகத் தெரிகிறதா என்று கண்ணால் மதிப்பிடுவது போதாது. ஒரே தேவை மூன்று பத்திகளில் சிதறிக் கிடந்தால் அது எவ்வளவு இடத்தை எடுத்திருக்கிறது என்பது எண்ணும்போதுதான் தெரியவரும்.

அறிகுறி 1: கல்வித் தகுதியே கடிதத்தின் முதல் பெரிய பத்தியாக இருக்கிறது

தேவைகளின் பட்டியலில் பட்டம் முதலில் நிற்பதால் அதுவே முதன்மையானது என்று எடுத்துக்கொள்வதுதான் இதற்குக் காரணம். தேவைப் பட்டியலின் வரிசை பெரும்பாலும் வழக்கத்தைப் பின்பற்றுவது: முதலில் படிப்பு, பிறகு ஆண்டுக் கணக்கு, பிறகு திறன்கள், கடைசியில் வேலை நேரம். அந்த வரிசையிலிருந்து முக்கியத்துவத்தை ஊகிக்க முடியாது.

ஒரு தேவையை எடுத்துக்கொண்டு, "இது இருக்கிறதா, இல்லையா என்ற கேள்வியோடு முடிந்துவிடுகிறதா, அல்லது ஒருவருக்கு அதிகமாகவும் மற்றொருவருக்குக் குறைவாகவும் இருக்கக்கூடியதா?" என்று கேட்டுப் பாருங்கள். ஏதேனும் ஒரு பட்டம் என்பது முதல் வகை. பட்டம் பெற்ற இருவரில் யாரை அழைப்பது என்று தீர்மானிக்க அந்த வரி உதவாது. பட்டம் இல்லாதவரை விலக்கி வைக்க மட்டுமே உதவும். இத்தகையவற்றை நுழைவு நிபந்தனைகள் என்று அழைப்போம். சனிக்கிழமை வேலை, ஓட்டுநர் உரிமம், பதிவுச் சான்றிதழ் போன்றவையும் இதே இனம்தான்.

நுழைவு நிபந்தனைக்குக் கடிதத்தில் உரிய இடம் ஒரு தொடர், அதிகம் போனால் ஒரு வாக்கியம். ஆனால் அதைச் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது. விண்ணப்பங்களை முதலில் சலிப்பவர், அந்தத் துறையை அறியாதவராக, கையில் ஒரு சரிபார்ப்புப் பட்டியலுடன் உட்கார்ந்திருக்கலாம். அவர் தேடும் சொல் விளம்பரத்தில் உள்ள அதே வடிவத்தில் கண்ணில் பட வேண்டும். "வணிகவியல் பட்டதாரியான நான், பார்சல் விநியோகத் துறையில் இரண்டரை ஆண்டுகள் ஒருங்கிணைப்புப் பணியில் இருந்திருக்கிறேன், சுழற்சி முறையில் சனிக்கிழமைகளிலும் பணிபுரிய இயலும்" என்ற ஒரே வாக்கியத்தில் 6, 7, 13 ஆகிய மூன்று வரிகளும் முடிந்துவிடுகின்றன.

இங்கே வரி 7 சற்றுக் கவனமாகக் கையாள வேண்டியது, ஏனென்றால் அது இரண்டு வகையிலும் கால் வைத்திருக்கிறது. "குறைந்தது 2 ஆண்டு" என்ற எண் நுழைவு நிபந்தனை. "ஒருங்கிணைப்புப் பணி" என்பது எடைபோடப்படும் தேவை. எண்ணை ஒரு முறை சொல்லி முடித்துவிட்டு, அந்த ஆண்டுகளில் என்ன வகையான ஒருங்கிணைப்பைச் செய்தீர்கள் என்பதைப் பெரிய பத்திக்குக் கொண்டுபோக வேண்டும். அனுபவம் பற்றிய வரிகளில் பெரும்பாலானவை இப்படிப் பிரித்துப் படிக்க வேண்டியவையே.

பட்டத்தின் பாடமே வேலையின் உள்ளடக்கமாக இருந்தால் இந்தத் தீர்வு பொருந்தாது. புள்ளியியல் பட்டம் கேட்டு, பணிகளிலும் மாதிரி ஆய்வு வடிவமைப்பைக் குறிப்பிட்டிருந்தால், அப்போது படிப்பில் செய்த ஆய்வு சான்றாக மாறுகிறது. "ஏதேனும் ஒரு" என்ற அடைமொழி இருந்தால் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை.

அறிகுறி 2: உங்களுக்கு மிகவும் பிடித்த திறமை மிக நீளமாக இருக்கிறது, ஆனால் விளம்பரத்தில் அதற்கு ஒரே ஒரு வரிதான்

எடுத்துக்காட்டில் எக்செல்லுக்கு 110 சொற்கள் சென்றது இந்த வகைப் பிழை. விளம்பரத்தைப் படிக்கும்போது தமக்குத் தெரிந்த சொல் கண்ணில் பட்டவுடன் மனம் அதைப் பெரிதாக்கிக்கொள்கிறது. மற்ற பிழைகளை எழுதியவரே இரண்டாம் முறை படிக்கும்போது பிடித்துவிடலாம். இதைப் பிடிப்பது கடினம், ஏனென்றால் அந்தப் பத்தி கடிதத்திலேயே நன்றாக எழுதப்பட்ட பத்தியாக இருக்கும்.

சரிபார்க்கும் முறை இதுதான். தேவைகளைத் தனியாகப் படிக்காமல், ஒவ்வொரு தேவையையும் பணிகளின் மேல் வைத்துப் பாருங்கள். இந்தத் திறன் இல்லாவிட்டால் எந்தெந்தப் பணி நின்றுபோகும்? அந்தப் பணி எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது? அதில் இவருடைய பங்கு எவ்வளவு?

எக்செல்லை அப்படி வைத்துப் பார்ப்போம். அது வெளிப்படையாகத் தேவைப்படுவது நான்காம் பணியான சேவை அறிக்கைக்கு. அந்த அறிக்கை "மாதாந்திர" அறிக்கை. அதிலும் இவர் செய்ய வேண்டியது "மேலாளருக்கு உதவுதல்". மாதத்தில் ஓரிரு நாள், அதுவும் பிறர் பொறுப்பில் நடக்கும் வேலை. தேவையின் வாசகமும் "பயன்படுத்தத் தெரிந்திருத்தல்" என்ற அளவிலேயே நிற்கிறது. "தேர்ச்சி" என்றோ "ஆழ்ந்த அனுபவம்" என்றோ கேட்கவில்லை. மூன்று திசையிலிருந்தும் பார்த்தால் எக்செல் சிறிய தேவையாகவே தெரிகிறது.

இப்போது வரி 10-ஐ, அதாவது நெருக்கடியில் முன்னுரிமைகளைத் தீர்மானிக்கும் திறனை, அதே முறையில் வைத்துப் பாருங்கள். அது இல்லாவிட்டால் முதல் பணி நின்றுபோகும். ஒதுக்கீடு குழம்பினால் இரண்டாம் பணியான தாமத அறிவிப்பும் சமாளிக்க முடியாத அளவுக்குப் பெருகும். இந்தப் பணி "தினமும்" நடப்பது. வினைச்சொற்களும் "பதிவு செய்து, வரிசைப்படுத்தி, ஒதுக்குதல்" என்று முழுப் பொறுப்பைக் காட்டுகின்றன. பணி 1 பட்டியலிலேயே முதலில் இருப்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். தேவைகளின் வரிசையைப் போலன்றிப் பணிகளின் வரிசைக்கு ஓரளவு மதிப்புண்டு, ஏனென்றால் பணிப்பட்டியலை எழுதுபவர் வழக்கமாக அந்த நாற்காலியில் உட்காருபவரின் நாளை மனத்தில் ஓட்டிப் பார்த்தே எழுதுகிறார்.

இதோடு இன்னொரு அடையாளத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரே விஷயம் வேறு வேறு சொற்களில் வேறு வேறு இடங்களில் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். நம் விளம்பரத்தின் அறிமுகத்தில் "குறித்த நேரத்தில் சேவை" வருகிறது. பணி 1-இல் "அவசரத்துக்கேற்ப" வருகிறது. பணி 2-இல் "தாமதமாகும் நிலையில் முன்கூட்டியே" வருகிறது. தேவை 10-இல் "நெருக்கடி" வருகிறது. நான்கும் ஒரே கவலையைத்தான் சொல்கின்றன: பொறியாளர் போய்ச் சேர வேண்டிய நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை, காத்திருந்தவருக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. இந்த நிறுவனம் அண்மையில் இதனால் திட்டு வாங்கியிருக்கக்கூடும் என்று ஊகிக்கலாம். ஊகம் ஊகமாகவே இருக்கட்டும். கடிதத்தில் அதை எழுதிவிடாதீர்கள். இடத்தைப் பங்கிடுவதற்கு மட்டும் அது பயன்படட்டும்.

எந்த வரி புதிதாக எழுதப்பட்டது, எந்த வரி பழைய விளம்பரத்திலிருந்து அப்படியே வந்தது என்பதும் எடையைக் காட்டும். பணி 5-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். "புதிய மென்பொருளுக்கு மாறும் இக்காலத்தில்" என்ற தொடரை முந்தைய விளம்பரத்திலிருந்து நகலெடுத்திருக்க முடியாது. இப்போது ஆள் எடுப்பவர் இப்போதைய தேவைக்காக எழுதியது அது. அதே நிறுவனத்தின் வேறு பதவிகளுக்கான இரண்டு மூன்று விளம்பரங்களை இணையத்தில் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். தகவல் தொடர்புத் திறனும் குழு மனப்பான்மையும் கணக்காளர் விளம்பரத்திலும் கிடங்குப் பொறுப்பாளர் விளம்பரத்திலும் எழுத்து மாறாமல் வந்திருந்தால், அவை சம்பிரதாய வரிகள். எந்த வரி இந்த விளம்பரத்தில் மட்டும் வருகிறதோ அந்த வரியே இந்த வேலைக்கென்று எழுதப்பட்டது.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் எடுத்துக்காட்டு விளம்பரத்தில் அதிக இடத்துக்கு உரியவை இரண்டு: அவசரம் அறிந்து பணி ஒதுக்குவது, தாமதத்தை முன்கூட்டிச் சொல்வது. இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதால் ஒரே பெரும் பகுதியாக எழுதலாம். மூன்றாவதாகச் சற்றுக் குறைந்த இடத்தில் பழைய பதிவுகளை மாற்றும் வேலை வர வேண்டும். விண்ணப்பிப்பவர் 40 சொற்களில் முடித்துவிட்ட தடம் ஒதுக்கும் வேலைதான் கடிதத்தின் நடுவாக இருக்க வேண்டியது.

எக்செல்லை முற்றிலும் கைவிட வேண்டுமா? வேண்டியதில்லை. பார்சல் அலுவலகத்தில் அவர் பழைய முகவரிப் பதிவேட்டில் இரட்டிப்பாக இருந்த பதிவுகளை எக்செல்லில் கண்டுபிடித்து நீக்கியிருக்கிறார். அது பணி 5-க்கு நேரடிச் சான்று. அங்கே எக்செல் ஒரு கருவியாக ஓரிரு சொற்களில் வந்துவிடுகிறது. தேவை 9-க்கும் பதில் கிடைத்துவிடுகிறது. பிடித்த திறமையைப் பெரிய தேவைக்குச் சேவகம் செய்ய வைப்பது, அதை வெட்டி எறிவதைவிட எளிதானதும் பயனுள்ளதுமாகும்.

அறிகுறி 3: பத்தி முழுவதும் பண்புப் பெயர்களாக இருக்கிறது

"எனக்குச் சிறந்த தகவல் தொடர்புத் திறனும், குழுவாகச் செயல்படும் மனப்பான்மையும் உள்ளன" என்று எழுதப்பட்ட வாக்கியம் விளம்பரத்தின் வரியை அப்படியே திருப்பிக் கொடுக்கிறது. சம்பிரதாய வரியைத் தனித்த தேவையாக எண்ணி, அதற்குத் தனி இடம் ஒதுக்கியதே காரணம்.

இந்த வரிகளுக்கு உள்ளடக்கமே இல்லை என்று ஒதுக்கிவிடுவதும் தவறு. அவற்றின் உள்ளடக்கம் பணிகளில் இருக்கிறது. "தகவல் தொடர்பு" என்பதைக் கண்டதும், இந்த வேலையில் யாரிடம், எதைப் பற்றி, எந்த நிலையில் பேச வேண்டியிருக்கும் என்று பணிப்பட்டியலைக் கேளுங்கள். விடை பணி 2-இல் கிடைக்கிறது: காத்திருக்கும் வாடிக்கையாளரிடம், அவர் கேட்பதற்கு முன்பே, அவருக்குப் பிடிக்காத செய்தியைச் சொல்வது. பணி 3-இல் இன்னொரு விடையும் இருக்கிறது: கிடங்கில் இருப்பவரிடம் கையிருப்பைச் சரிபார்த்துக்கொள்வது. முதலாவதே கடினமானது, எனவே சான்று அதற்குத்தான் வேண்டும். மேடைப் பேச்சில் பரிசு வாங்கியதும் தகவல் தொடர்புத் திறன்தான் என்றாலும், இந்த விளம்பரம் கேட்கும் திறன் அதுவன்று.

ஆகவே பண்புகளுக்கென்று செலவான 60 சொற்களையும் எடுத்து, ஒதுக்கீட்டுப் பகுதியோடு இணைத்துவிடலாம். திருத்திய பகுதி இப்படி அமையும்:

"ஒவ்வொரு நாளும் காலையில் 12 ஓட்டுநர்களுக்குத் தடங்களைப் பிரித்துக் கொடுப்பது என் பொறுப்பு. ஓட்டுநர் ஒருவர் வராத நாள்களில், மருந்துப் பார்சல்களையும் அன்றே சேர வேண்டியவற்றையும் முதலில் மற்றவர்களுக்குப் பகிர்ந்து, மறுநாள் வரை பொறுக்கக்கூடியவற்றைத் தனியே எடுத்து வைப்பேன். அப்படி எடுத்து வைத்தவற்றின் பட்டியலை வைத்துக்கொண்டு, பெறுநர் எங்களை அழைக்கும் முன்பே நான் அவரை அழைத்து, தாமதத்தையும் பார்சல் வந்து சேரும் நேரத்தையும் சொல்லிவிடுவேன்."

இதில் "தகவல் தொடர்பு", "நிதானம்", "முன்னுரிமை" என்ற சொற்கள் ஒன்றுகூட இல்லை. மூன்றுக்கும் சான்று இருக்கிறது. விளம்பரத்தின் சொல்லைத் தேடிப் பார்ப்பவர்களுக்காக, "முன்னுரிமை" என்ற சொல்லை மட்டும் பத்தியின் முதல் வாக்கியத்தில் ஓரிடத்தில் சேர்த்துக்கொள்வது நல்லது. குழு மனப்பான்மையைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்பது என் கருத்து. ஓட்டுநர்களோடு அன்றாடம் வேலை செய்பவரைப் பற்றி யாரும் அந்தச் சந்தேகத்தை எழுப்பப் போவதில்லை.

அறிகுறி 4: இல்லாத தகுதியைப் பற்றிய விளக்கம் நீண்டுகொண்டே போகிறது

ஆய்வகக் கருவிகள் பற்றித் தெரியாது என்பதற்கு விண்ணப்பிப்பவர் 40 சொற்கள் செலவிட்டார். அளவு பெரிய பிழையன்று. அந்தச் சொற்கள் செய்யும் வேலைதான் பிழையானது. "எனக்கு இத்துறையில் முன் அனுபவம் இல்லை என்றாலும், கற்றுக்கொள்ளும் ஆர்வம் மிகுதியாக உண்டு" என்ற வகை வாக்கியம், வாசிப்பவர் கவனிக்காமல் போயிருக்கக்கூடிய குறையை அவர் கையில் எடுத்துக் கொடுக்கிறது, பதிலுக்கு எதையும் தருவதில்லை.

முதலில் அந்தத் தேவையின் நிலையைப் பாருங்கள். "கட்டாயம்", "அவசியம்" என்று இருந்து, அது நுழைவு நிபந்தனையாகவும் இருந்தால், எத்தனை சொற்கள் எழுதினாலும் கடிதம் அதைச் சரிசெய்யாது. அந்த விளம்பரத்துக்கு நேரம் செலவிடலாமா என்பதையே யோசிக்க வேண்டும். "விரும்பத்தக்கது" என்று இருந்தால், அந்த அறிவு எந்தப் பணிக்குள் மறைந்திருக்கிறது என்று தேடுங்கள். எந்தப் பணியிலும் இல்லையென்றால் அதைக் கடிதத்தில் தொடாமலேயே விடலாம். ஏதேனும் பணிக்குள் இருந்தால், விரும்பத்தக்கது என்ற சொல் காட்டுவதைவிட அதன் எடை சற்று அதிகம்.

எடுத்துக்காட்டில் நடப்பது இரண்டாவது. பணி 1 "அவசரத்துக்கேற்ப வரிசைப்படுத்தி" என்கிறது. எந்தக் கருவி நின்றால் ஆய்வகமே நின்றுவிடும், எந்தக் கருவிக்கு மாற்று இருக்கும் என்று தெரியாமல் அந்த வரிசையைப் போட முடியாது. எனவே இந்தக் குறையை ஒதுக்கீட்டுப் பகுதியின் முடிவில் வைத்து, அதே வகை அறிவை முன்பு எப்படிப் பெற்றார் என்பதைச் சொல்வது பொருந்தும்: "எந்தப் பார்சல் பொறுக்கும், எது பொறுக்காது என்பதை அனுப்புநர்களிடமே கேட்டு எழுதிவைத்த பட்டியலைக் கொண்டுதான் அந்த வேலையைச் செய்துவந்தேன், கருவிகளின் அவசர வரிசையையும் உங்கள் பொறியாளர்களிடமிருந்து அவ்வாறே தொகுத்துக்கொள்வேன்." அதே 40 சொற்களுக்குள் இது அடங்கிவிடும்.

அறிகுறி 5: விளம்பரத்தில் பிடிமானமே கிடைக்கவில்லை

பதவிப் பெயர் ஒன்றாகவும் பணிகள் வேறாகவும் இருந்தால் பணிகளையே நம்புங்கள். "மேலாளர்" என்ற பெயருக்குக் கீழ் உள்ள வினைகள் எல்லாம் பதிவு செய்தல், தொகுத்தல், அனுப்புதல் என்று இருந்தால், ஆள்களை நடத்திய அனுபவத்துக்குக் கடிதத்தில் பாதி இடம் கொடுப்பது வீண்.

பணிகளே இல்லாத, மூன்று வரி விளம்பரமாக இருந்தால், அதே பதவிக்கு வேறு நிறுவனங்கள் கொடுத்த விரிவான விளம்பரங்களைச் சேகரித்து, அவற்றில் பொதுவாக வரும் அன்றாடப் பணியை முதன்மையாக எடுத்துக்கொள்ளலாம். தொடர்புக்கு ஒருவரைக் குறிப்பிட்டிருந்தால், "இந்தப் பணியில் முதல் மூன்று மாதங்களில் அதிக நேரம் எதற்குச் செலவாகும்?" என்ற ஒரே கேள்வியைக் கேட்பது எல்லா ஊகங்களையும்விடச் சிறந்தது.

அறிகுறி 6: விண்ணப்பம் மதிப்பெண் முறையில் பார்க்கப்படுகிறது

இது வரைவில் தெரியும் அறிகுறியன்று. விளம்பரத்தோடு வரும் குறிப்புகளில் தெரியும். கட்டாயமான தகுதிகள், விரும்பத்தக்க தகுதிகள் என்று இரு பட்டியல்களைக் கொடுத்து, "ஒவ்வொன்றையும் எவ்வாறு நிறைவு செய்கிறீர்கள் என்று விளக்குக" என்று கேட்டிருந்தால், மேலே சொன்ன பங்கீட்டு முறையை அப்படியே பின்பற்றக் கூடாது. தேர்வுக் குழு ஒவ்வொரு தகுதிக்கும் தனித்தனியே மதிப்பெண் இடுகிறது. எழுதாமல் விட்ட தகுதிக்கு மதிப்பெண் கிடைக்காது. அங்கே எல்லாக் கட்டாயத் தகுதிகளுக்கும் குறைந்தது ஒரு சான்றையாவது கொடுத்துவிட்டு, மிஞ்சும் இடத்தை மட்டும் அறிகுறி 2-இல் சொன்ன முறையில் பங்கிட வேண்டும். ஒவ்வொரு தகுதிக்கும் எத்தனை மதிப்பெண் என்று குறிப்பே சொல்லியிருந்தால் ஊகத்துக்கு வேலை இல்லை, அந்த விகிதமே இடத்தின் விகிதம்.

திருத்திய பங்கீடும் கடைசிச் சோதனையும்

எடுத்துக்காட்டுக் கடிதத்தின் 340 சொற்களும் இப்போது இவ்வாறு அமைகின்றன: நுழைவு நிபந்தனைகளுக்கு 35, பணி ஒதுக்கீட்டுக்கும் தாமத அறிவிப்புக்கும் சேர்த்து 200, பழைய பதிவுகளைச் சரிசெய்த அனுபவத்துக்கு 65, கருவிகள் பற்றிய குறைக்கு 40. மூன்றாம், நான்காம் பணிகளுக்குத் தனி இடம் கிடைக்கவில்லை. அவை தன்விவரக் குறிப்பில் ஒரு வரியாக இருந்தால் போதும். பெரிய பகுதியை 200 சொற்களுக்கு மேல் நீட்ட வேண்டாம். அதற்குமேல் போனால் இரண்டாம் நிகழ்ச்சி வேண்டியிருக்கும், அது பெரும்பாலும் முதல் நிகழ்ச்சியையே திரும்பச் சொல்வதாக முடியும்.

அனுப்புவதற்கு முன், விளம்பரத்தைப் பார்த்திராத ஒருவரிடம் கடிதத்தை மட்டும் கொடுத்து, "இந்த வேலையில் தினமும் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதைப் பணி 1, பணி 2 ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "அறிக்கை தயாரிக்கும் வேலை போலிருக்கிறது" என்று அவர் சொன்னால், அறிகுறி 2-க்குத் திரும்பிச் சென்று, எக்செல் மறுபடியும் எந்த வாக்கியத்தின் வழியாக உள்ளே வந்தது என்று தேட வேண்டும்.